தேங்காய் எண்ணெய் மாய்ஸ்சரைசருக்கு ஈடாகுமா?

கேள்வி: மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கும்போது, கடையில் விற்கும் கிரீம்கள் எதற்கு?

கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயே பெரும்பாலும் போதும். முகத்திற்கும் வெயிலுக்கும் அது போதாது.

மாய்ஸ்சரைசரில் நீரும், நீரைப் பிடித்துவைக்கும் கிளிசரின் போன்ற பொருளும், அது ஆவியாகாமல் தடுக்கும் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் இருப்பது கொழுப்பு மட்டுமே. ஆகவே உலர்ந்த தோலில் தடவினால் மேலே பளபளப்பு தெரியுமே தவிர, உள்ளே இறுக்கம் முழுதாகக் குறையாமல் இருக்கலாம். குளித்தபின் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே சில துளிகளைத் தேய்த்தால், அந்த ஈரத்தை எண்ணெய் காத்துக்கொள்ளும்.

பரு வரும் முகமாயின் கதை வேறு. எண்ணெய் பூசத் தொடங்கிய சில வாரங்களில் நெற்றியில் அரிப்பில்லாத, தோல் நிறத்திலேயே சிறு பொரிகள் தடவினால் தட்டுப்பட்டால், மயிர்த்துளைகள் அடைபடுகின்றன என்று பொருள். அப்போது எண்ணெயை நிறுத்திவிட்டு, துளைகளை அடைக்காத இலகுவான ஜெல் மாய்ஸ்சரைசருக்கு மாறுவதே நல்லது.

சந்தனக் குழைவு தரும் குளிர்ச்சி, பெரும்பாலும் அதிலுள்ள நீர் ஆவியாவதால் வருவது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரைவதில்லை. கழுவிய பின்னும் எஞ்சுவது பெரும்பாலும் மஞ்சள் நிறமே. இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும் என்பதால், முதலில் முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்க்க வேண்டும். சன்ஸ்கிரீனின் வேலையை இம்மூன்றில் எதுவும் செய்யாது.