சபையில் அண்ணனைப் பேசிவிட்டேன், மன்னிப்புக் கடிதம் எப்படி எழுதுவது?

கேள்வி: ரங்கூனில் என் மகளுக்குக் காதுகுத்து. பந்தி ஏன் இன்னும் போடவில்லை என்று அண்ணன் கேட்டார். என் மனைவி வீட்டு ஆட்கள் முன்னால் "காசு போட்டவன் நான், நீ சும்மா உட்காரு" என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமலேயே மௌல்மீனுக்குப் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. அப்பா போன பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தமிழ் படிப்பார், ஆனால் மெதுவாக. கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: அன்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்திலும் அது அப்படியே வர வேண்டும். "கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன்" என்று எழுதும் கடிதங்கள்தான் பெரும்பாலும் வீணாகின்றன. அந்த 'ஏதோ' என்ற சொல்லைப் படித்ததும், இவனுக்கு என்ன பேசினோம் என்றே நினைவில்லை போலிருக்கிறது என்று அண்ணனுக்குத் தோன்றும். அவருக்கோ அந்த வரி மனப்பாடம்.

எழுதியதும் அதில் எங்கே முள் இருக்கிறது என்று பாருங்கள். காசுப் பேச்சு ஒன்று. அதைவிட ஆழமாகக் குத்தியது 'நீ' என்பது. நீங்கள் அவரை எப்போதும் 'நீங்க' என்று அழைப்பவர் என்றால், சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தது அந்த மாற்றம்தான். அப்பா இல்லாத வீட்டில் பந்தி ஏன் தாமதம் என்று கேட்க வேண்டியவரே மூத்தவர்தான். அந்த இடத்தில் நின்று கேட்டவரை நீங்கள் விருந்தாளியாக்கி உட்காரச் சொல்லிவிட்டீர்கள். மன்னிப்பு கேட்க வேண்டியது இதற்கு.

அதனால் "நீங்கள் என் படிப்புக்குக் கட்டினீர்கள், வாடகை கொடுத்தீர்கள்" என்று கணக்கு எழுதாதீர்கள். நன்றியோடு எழுதினாலும், காசால் குத்திவிட்டுக் காசாலேயே மருந்து போடுவதாகத்தான் படும். கேட்க அவருக்கு உரிமை உண்டு என்ற ஒரு வரி போதும்.

எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சபையில் விழுந்த சொல்லைத் தனிக் கடிதத்தில் மட்டும் எடுத்தால் பாதிதான் எடுத்ததாகும். அன்று கேட்டவர்களில் பெரியவர் ஒருவரிடம், உங்கள் மாமனாரோ மூத்த மச்சானோ, நேரில் போய் "அண்ணன் கேட்டது சரி, நான் பேசியதுதான் தப்பு" என்று சொல்லிவிடுங்கள். பிறகு கடிதத்தில் அதை முடிந்த காரியமாக எழுதலாம். 'சொல்லப் போகிறேன்' என்று எழுதினால் அது பேரம் போல ஆகிவிடும்.

உங்கள் விஷயத்துக்குக் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையலாம். தாளின் மேலே வழக்கம்போல் பிள்ளையார் சுழி, வலது ஓரத்தில் ஊரும் தேதியும்.

"அண்ணனுக்கு,

தம்பி எழுதுகிறேன். காதுகுத்து அன்று பந்தி ஏன் தாமதம் என்று கேட்டீர்கள். நான் எல்லார் முன்னாலும், 'காசு போட்டவன் நான், நீ சும்மா உட்காரு' என்று சொன்னேன்.

அது தப்பு. நம் வீட்டு விசேஷத்தில் அதைக் கேட்கிற உரிமை உங்களுக்குத்தான் இருக்கிறது. உங்களை 'நீ' என்று சொன்னதும் தப்பு. நீங்கள் இலையில் கை வைக்காமல் எழுந்து போனது என்னால்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் மாமனாரிடம் போய், அண்ணன் கேட்டது சரி, நான் பேசியதுதான் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. நீங்கள் வரச் சொல்லும்போது வருகிறேன்.

உங்கள் தம்பி"

இதில் "இங்கு அனைவரும் நலம், நலமறிய ஆவல்" என்ற வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மற்றக் கடிதத்துக்கு அது மரியாதை. இங்கே எதுவுமே நடக்காததுபோல் ஆக்கிவிடும். 'மதிப்பிற்குரிய', 'தாங்கள்' ஆகியவையும் வேண்டாம். அழைக்காத மரியாதையைத் திடீரென்று எழுதினால் ஆள் தள்ளி நிற்பதாகவே தெரியும். வீட்டில் 'அண்ணே, நீங்க' என்றால் கடிதத்திலும் அதுவே இருக்கட்டும்.

'மனம் புண்பட்டிருந்தால்' என்று எழுதக் கை வரும். சாப்பிடாமல் போனவரிடம் 'இருந்தால்' என்ன? சமையல்காரர் தாமதம், வேலைச் சுமை, தூக்கமில்லை என்ற காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மன்னிப்புக்குப் பக்கத்தில் காரணம் வந்தால் கண் அங்கேதான் நிற்கும். அவராகக் கேட்கும் நாளில் சொல்லிக்கொள்ளலாம். 'அண்ணியிடமும் சொல்லுங்கள்' என்று அவர் தலையில் வேலை வைக்காதீர்கள். உறையில் பணமோ அடுத்த விசேஷத்துக்கான அழைப்போ கூடாது.

அவர் மெதுவாகப் படிப்பவர் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே பலருக்கும் தமிழ் எழுத்து கோயில் வகுப்பிலும் வீட்டிலும் கற்றதுதான். கூட்டெழுத்தாகக் கிறுக்கினால், பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். தம்பி தன்னைப் பேசிய வரியைத் தன் பிள்ளை வாயால் கேட்க வேண்டி வரும். கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரியாக, எழுத்தைப் பிரித்துப் பெரிதாக, ஒரே பக்கத்தில் முடியுங்கள். பர்மிய எழுத்தில்தான் அவருக்கு ஓட்டம் என்றாலும் தமிழை விடாதீர்கள். தமிழில் பேசியதைத் தமிழிலேயே திருப்பி எடுக்க வேண்டும்.

எழுதி ஓர் இரவு வைத்து, காலையில் வாய்விட்டுப் படியுங்கள். 'ஆனால்' எங்காவது இருந்தால் அந்த வாக்கியம் முழுவதையும் அடியுங்கள். வைபரில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், அது நாலு போனுக்குப் போய்விடும். மௌல்மீன் போகும் நம்பிக்கையான ஆளிடம் உறையை ஒட்டிக் கொடுத்து, அண்ணன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தூதுப் பேச்சு அவர் பேச வேண்டாம்.

தடிஞ்சூட் பௌர்ணமி வருகிறதே, அப்போது பர்மியர்கள்போலப் பழம் வைத்து, பெரியவரை வணங்கி மன்னிப்பு கேட்கும் கடோ செய்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான், நம் ஆட்களும் செய்கிறார்கள். ஆனால் அங்கே உடலால், வாக்கால், மனத்தால் செய்த எல்லாப் பிழைக்கும் பொதுவாகத்தான் மன்னிப்பு கேட்பார்கள். இந்தக் குறிப்பிட்ட வரி அதில் கரையாது. கடிதம் பத்து நாளுக்குள் போகட்டும், கடோவுக்கு அதன் பிறகு போங்கள். பெரும்பாலும் அந்தப் பௌர்ணமி போய் இரண்டு வாரத்தில் தீபாவளியும் வந்துவிடும்.

பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் வேண்டாம், அது நச்சரிப்பு. மூன்று நான்கு வாரம் பொறுங்கள். வரச் சொல்லாவிட்டாலும் கடோவைச் சாக்காக வைத்துப் போகலாம். மனைவி பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போகாமல் தனியாகப் போங்கள். அவர்கள் முன்னால் அவர் சிரித்துத்தான் ஆக வேண்டும், அந்த நெருக்கடி அவருக்கு எதற்கு? வாசலில் நின்று கடிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். காலைத் தொட்டுக் கும்பிடுங்கள். அண்ணி சாப்பிடச் சொன்னால், 'இப்பதான் சாப்பிட்டேன்' என்று சொல்லாமல் அண்ணன் உட்காரும்வரை காத்திருந்து, அவர் கை வைத்த பிறகு சாப்பிடுங்கள்.