வானம் மாறியது, கிளையோரத்து வெள்ளை மட்டும் போகவில்லை: வாசகர் கேள்விகள்

எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் எடுக்கிற படங்களில் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். உடனே எல்லோரும் போட்டோஷாப்பின் Sky Replacement-க்குப் போகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அது சொதப்பும் ஓரங்களைப் பற்றியவை.

அண்ணா, ரோட்டோரப் புளியமரம் ஒன்றை எடுத்தேன். வெள்ளை வானத்தை மாற்றி அந்தி வானம் வைத்தால், சிறு கிளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கிறது. Shift Edge, Fade Edge இரண்டையும் எப்படி இழுத்தாலும் போகவில்லை. — கொழிஞ்சாம்பாறை வாசகர்

அந்த இரண்டு ஸ்லைடர்களாலும் அது போகாது. கோளாறு மாஸ்க்கின் எல்லையில் இல்லை, அந்த இடத்துப் பிக்சலின் நிறத்திலேயே இருக்கிறது.

கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற கணக்கில், வானத்தின் வெளிச்ச அளவு 240, கிளையின் அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். கிளையின் விளிம்பு ஒரு பிக்சலின் நடுவில் ஓடினால், கேமரா இரண்டையும் கலந்து 140 என்று பதிவு செய்யும். புது வானத்தின் அளவு 100 என்றால், அந்தப் பிக்சலில் பாதி கிளை, பாதி புது வானம், அதாவது 70 வரவேண்டும். ஆனால் மென்பொருள் என்ன செய்கிறது? 140-ஐ முழுக்கக் கிளை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதியையும் புது வானத்தில் பாதியையும் சேர்க்கிறது. கிடைப்பது 120. இரண்டு பக்கத்தையும் விட வெளிச்சமான ஒரு கோடு அங்கே நிற்கிறது. Shift Edge-ஐ நகர்த்தினால் கோடு மறையும் முன் சிறு கிளைகள் மறைந்துவிடும்.

எனவே மரத்துக்கு அந்த வசதியை விட்டுவிடுங்கள். வானப் படத்தைத் தனி லேயராக மேலே வைத்து, அதன் பிளெண்ட் மோடை Multiply ஆக்குங்கள். வெள்ளையின் மேல் Multiply வைத்தால் புது வானம் அப்படியே தெரியும். கருமையின் மேல் வைத்தால் கருமை கருமையாகவே இருக்கும். நம் 140 பிக்சல் 55-க்கு வரும். 70-ஐ விடக் கொஞ்சம் இருட்டுதான், ஆனால் கண்ணுக்கு அது கிளை மாதிரியே தெரியும். இலைகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளிலும் வானம் தானாக நிறைந்துவிடும்.

இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய வானம் உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தின் மேல் ஒரு Levels லேயர் போட்டு, Alt-ஐ அழுத்திக்கொண்டே வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுங்கள். திரை கறுப்பாகும், வானம் முழுக்க வெள்ளையாகத் தெரியும்போது நிறுத்துங்கள். போன் கேமராக்கள் படத்தைக் கூர்மையாக்கும்போது கிளையோரத்தில் வானத்தை விட வெளிச்சமான ஒரு மெல்லிய பட்டை விழும். அதுவும் இந்த இழுப்பில் வானத்தோடு கலந்து காணாமல் போகும்.

அப்புறம் மாஸ்க். ரோடு, வீடு, ஆட்கள் இருக்கும் இடங்களை Levels லேயரின் மாஸ்க்கிலும் வான லேயரின் மாஸ்க்கிலும் கறுப்பால் மறைத்துவிடுங்கள். இதில் துல்லியம் தேவையில்லை. கோட்டைக் கிளையோரத்தில் கொண்டுபோகாதீர்கள், மரத்தின் இருண்ட உட்பகுதி வழியாகக் கொண்டுபோங்கள். இருட்டில் Multiply இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. வெயில் பட்ட இளம்பச்சை இலைகள் மட்டும் செம்மண் நிறமாக மாறும். அங்கே ஒப்பாசிட்டி குறைந்த மெல்லிய பிரஷ்ஷால் மாஸ்க்கில் கொஞ்சம் கறுப்பு தடவுங்கள், விளிம்பை மட்டும் தொடாமல்.

மறையூரில் எடுத்த படம், நல்ல நீல வானம். மேகம் வேண்டும் என்று மாற்றினேன். நீங்கள் முன்பு சொன்ன Multiply இங்கே அழுக்கு நிறம் தருகிறது.

தரத்தான் செய்யும். மழை மறைவுப் பகுதியான மறையூரில் வானம் வெளுக்காமல் கிடைப்பது சந்தோஷம்தான், ஆனால் நீலத்தின் மேல் எதைப் பெருக்கினாலும் இருண்டுபோகும். இங்கே மாஸ்க்தான் வழி. அதை Channels பேனலில் இருந்து எடுங்கள். நீல சேனலில் வானம் வெளிச்சமாகவும் இலை இருட்டாகவும் தெரியும். அதை நகலெடுத்து, Levels-ஆல் இரண்டையும் இன்னும் விலக்கி, Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் வந்துவிடும். அதையே வான லேயரின் மாஸ்க் ஆக்குங்கள். ஓரத்தில் மிஞ்சும் நீலத்துக்கு Clone Stamp-ஐ Darken மோடில் வைத்து, பக்கத்துக் கிளையின் நிறத்தை எடுத்து ஓட்டுங்கள்.

எங்கள் வீட்டுக் கூரை தகரம். வானத்தோடு சேர்த்துக் கூரையின் பாதியையும் மேகமாக்கிவிட்டது! — குமுளி

தகரம் வானத்தையே பிரதிபலிக்கிறது. நிறத்திலும் வெளிச்சத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாததால் மென்பொருள் ஏமாறுகிறது. Multiply-யும் ஏமாறும். ஆனால் மரத்தைப் போல இல்லாமல் கூரைக்கு நேர்கோடு உண்டு, அதனால் கையால் செய்வதே சீக்கிரம் முடியும். Output-ல் New Layers தேர்ந்தெடுத்து வெளியே வாருங்கள். வான லேயரின் மாஸ்க்கில், கறுப்புப் பிரஷ்ஷால் கூரை விளிம்பின் ஒரு முனையில் கிளிக் செய்து, Shift அழுத்தி மறுமுனையில் கிளிக் செய்தால் நேர்கோடு விழும். பிரஷ்ஷின் கடினத்தை 100-ல் வைக்காமல் சற்றுக் குறையுங்கள். படத்தில் மற்ற விளிம்புகள் எவ்வளவு மென்மையோ அவ்வளவு போதும், இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியது போல் இருக்கும். ஓட்டு வீடானால் முகட்டு ஓடுகளின் வளைவை மட்டும் பென் டூலால் தனியாக வரையுங்கள்.

இன்னொன்று, செவ்வானத்தின் கீழ் வெள்ளைத் தகரம் வெள்ளையாகவே இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கூரைக்கும் லேசாக அந்த நிறம் ஏற வேண்டும்.

மின்கம்பிகள் விட்டுவிட்டு, புள்ளிக் கோடு மாதிரி வருகின்றன. — சித்தூர், பாலக்காடு

கம்பியின் அகலம் படத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான். மாஸ்க்கைக் கணிக்கும்போது அது சில இடத்தில் பிடிபடும், சில இடத்தில் தவறிவிடும். முதலில் கம்பி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் வானத்தை மாற்றும் முன்பே நீக்குங்கள். வெறும் வெள்ளைப் பின்னணியில் நீக்குவது எளிது. Remove டூலில் Find distractions-க்குள் Wires and cables இருக்கிறது. கிளைகளைக் கடக்கும் இடத்தில் மட்டும் அதை நம்பாமல் கையால் செய்யுங்கள்.

வேண்டும் என்றால், வெள்ளை வானத்தில் Multiply கம்பியையும் காப்பாற்றிவிடும். மற்ற வானத்தில் திரும்ப வரைவதே மேல். பென் டூலில் கம்பத்துக்குக் கம்பம் இரண்டே புள்ளி வைத்து, கைப்பிடிகளை இழுத்துத் தொய்வைக் கொண்டுவந்து, Stroke Path கொடுங்கள். நிறத்தை மிஞ்சியிருக்கும் கம்பித் துண்டிலிருந்தே எடுங்கள். சுத்தக் கறுப்பு பொய்யாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் இல்லை, போனில் Snapseed மட்டும்தான்.

வெள்ளை வானம் என்றால் முடியும். Double Exposure-ல் வானப் படத்தைச் சேர்த்து Darken தேர்ந்தெடுங்கள். இரண்டில் எது இருட்டோ அது நிற்கும், எனவே பருமனான கிளைகள் தப்பிக்கும். ஆனால் வெளிறிய ஓரப் பிக்சல்கள் வானத்திடம் தோற்றுவிடும். இருண்ட மழைமேகத்தை வைத்தால் கம்பிகள் மெலிந்து மறைந்தே போகலாம். அதனால் வெளிச்சமான வானமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.