குதிரைப் பந்தயக் கடையில் ஒரே துண்டுச் சீட்டில் நாலு குதிரை சேர்த்துக் கட்டினேன். ஒன்று ஓடவே இல்லை, ஒன்று இன்னொரு குதிரையோடு சமமாக முடிந்து டெட் ஹீட், ஒன்றில் வேறு குதிரை விலகியதால் ரூல் 4 வெட்டு. கணக்குப் போட்டதில் பாதிகூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க மாட்டார்கள். மூன்றும் ஒரே துண்டில் வந்தால் பாதிக்கும் கீழே போவது வழக்கம்தான். லண்டனில் ஒரு பந்தயக் கடையின் கவுண்டரில் ஆறு வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உடனே "சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று யாரும் வர வேண்டாம். கட்டச் சொல்லவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். அந்த வேலையை என் கலியாணப் பேச்சின்போது சித்தப்பா "கடையில் நிற்கிறான்" என்று மட்டும் சொல்லி மறைத்தார். அதே சித்தப்பா வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் புக்கியில் இங்கிலாந்து ரேஸுக்குக் கட்டியவர். அது போகட்டும்.

நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை கணினி படுத்துவிட்டது. வழக்கமாக வரும் ஐரிஷ் கிழவர் ஒருவர் துண்டை நீட்டினார். நாலு குதிரை, பத்துப் பவுண் அக்குமுலேட்டர். நாலும் வென்றால்தான் காசு. முதல் குதிரை 3/1க்கு, அதாவது கட்டிய ஒன்றுக்கு மூன்று லாபம் என்ற விலைக்கு வென்றது, ஆனால் ரூல் 4 இருந்தது. இரண்டாவது 4/1, டெட் ஹீட். மூன்றாவது நொன் ரன்னர், ஓடவே இல்லை. நாலாவது 6/4க்குச் சுத்தமாக வென்றது. துண்டின் பின்பக்கம் அவரே கடைப் பேனாவால் 500 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். ஓடாத குதிரையை விட்டுவிட்டு, மற்றவற்றின் லாபத்தோடு கட்டிய 1ஐயும் சேர்த்து வரும் 4, 5, 2.5 மூன்றையும் பெருக்கி, பத்தால் பெருக்கியிருந்தார். நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓடாத குதிரையில் அவர் செய்தது சரி. கட்டிய பிறகு குதிரை விலகினால் அதன் இடத்தில் 1 போட்டுப் பெருக்குவோம், அதாவது நாலு குதிரைப் பந்தயம் மூன்று குதிரைப் பந்தயமாகிவிடும். முழுத் துண்டையும் ரத்துச் செய்து காசைத் திருப்பித் தா என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு, அது நடக்காது. ஒரு விலக்கு மட்டும் இருக்கிறது. கிராண்ட் நேஷனல் மாதிரி பெரிய ரேஸுக்கு வாரக்கணக்கில் முன்பே கட்டினால், குதிரை வராவிட்டால் அந்தத் துண்டு முழுவதும் தோற்றதாகவே எடுப்பார்கள். "நொன் ரன்னர் நோ பெட்", அதாவது குதிரை ஓடாவிட்டால் அதன்மேல் பந்தயமே இல்லை என்று கடை முன்பே சொல்லியிருந்தால்தான் தப்பலாம்.

அடுத்தது ரூல் 4. நீங்கள் 3/1 விலை எடுத்தபோது அந்த ரேஸில் பலமான இன்னொரு குதிரையும் இருந்தது. அது பிறகு விலகிவிட்டால் உங்கள் குதிரைக்கு வேலை சுலபமாகிவிடுகிறது, பழைய விலை அதிகமாகிவிடுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் வெட்டு. எவ்வளவு வெட்டுவது என்பதை விலகிய குதிரையின் விலைதான் தீர்மானிக்கும். கிழவரின் ரேஸில் விலகியது 5/2 குதிரை. 5/2 முதல் 3/1 வரை இருந்தால் பவுணுக்கு 25 பென்ஸ் வெட்டு. விலகியது 14/1க்கு மேல் என்றால் வெட்டே கிடையாது. இந்த வெட்டு லாபத்தில் மட்டும், கட்டிய காசில் கை வைக்கக்கூடாது. லாபம் 3, அதில் கால்வாசி போனால் 2.25, கட்டிய 1ஐச் சேர்த்தால் 3.25. பலர் கடைசியில் வரும் மொத்தத்தில் 25 வீதம் கழித்துப் பார்க்கிறார்கள். அப்படிக் கழிக்கக்கூடாது, அந்தந்தக் குதிரையிலேயே வெட்டிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

நான் சறுக்கியது டெட் ஹீட்டில். இரண்டு குதிரையும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டி, போட்டோவிலும் பிரிக்க முடியவில்லை. பாதி என்பது மட்டும் எனக்குத் தெரியும். எதைப் பாதியாக்குவது என்பதில்தான் கோட்டை விட்டேன். 4/1ஐப் பாதியாக்கி 2/1 என்று எடுத்தேன், கட்டிய காசோடு 3. உண்மையில் பாதியாவது கட்டிய காசு. பத்துப் பவுணில் ஐந்து தோற்றுவிட்டது, மீதி ஐந்து முழு 4/1க்கு வென்றது. ஐந்துக்கு இருபது லாபம், ஐந்தைச் சேர்த்தால் 25. பத்துக்கு 25 என்றால் அந்தக் குதிரையின் பெருக்கம் 2.5தான்.

சரியான கணக்கு: 3.25 × 2.5 × 1 × 2.5 = 20.3125. பத்தால் பெருக்கினால் 203 பவுண் 12 பென்ஸ். நான் 2.5க்குப் பதில் 3 போட்டதால் 243.75 கொடுத்தேன். கிழவர் அதற்கே முகத்தைச் சுளித்துக்கொண்டு நோட்டுகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

கணினி உயிர் பெற்றதும் 40 பவுண் 63 பென்ஸ் துண்டு விழுந்தது தெரிந்தது. அடுத்த கிழமை கிழவரிடம் மெல்லச் சொன்னேன். "தம்பி, அது உன் கணக்கு, என் கணக்கு 500" என்றார். அவரில் கோபம் இல்லை. கடையில்தான் கோபம். அந்தத் தொகையை என் சம்பளத்தில் வெட்டினார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சில்லறை விற்பனை வேலைகளில் அப்படி வெட்டலாம், ஒரு சம்பளத்தில் பத்து வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் சட்டம். கணினி படுத்ததற்கும் நானா பொறுப்பு? கையால் கணக்குப் போட ஒருநாள்கூடச் சொல்லித் தராமல் சனிக்கிழமை பின்னேரம் தனியாக நிறுத்தியவர்களுக்கு எந்த வெட்டும் இல்லை. அதற்கு எந்த ரூல் என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டெட் ஹீட் ஆனது விலை குறைந்த குதிரை என்றால் இன்னும் மோசம். ஈவன்ஸ், அதாவது 1/1 குதிரை என்றால் பெருக்கம் 2, பாதி 1, அதாவது ஓடாத குதிரை மாதிரியே. 1/2 என்றால் 1.5இல் பாதி 0.75. குதிரை வென்றிருக்கும், உங்கள் காசு குறைந்திருக்கும்! இதைக் கவுண்டரில் சொல்லிப் புரியவைப்பதற்குள் வாய் வலித்துவிடும்.

ஒரே குதிரைக்கு டெட் ஹீட், ரூல் 4 இரண்டும் வந்தால் வரிசை முக்கியம். முதலில் லாபத்தில் வெட்டு, பிறகு மொத்தத்தைப் பாதியாக்குவது. 4/1 குதிரைக்கு 20 பென்ஸ் வெட்டு என்று வையுங்கள். லாபம் 3.2, காசோடு 4.2, பாதி 2.1. தலைகீழாகப் போட்டால், முதலில் பாதியாக்கி 2.5, அதன் லாபம் 1.5இல் வெட்டி 2.2 என்று கூடுதலாக வரும். "எனக்குப் பத்துப் பவுண் குறைத்துவிட்டான்" என்ற சண்டைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

உங்கள் துண்டில் ஒவ்வொரு குதிரைக்கும் இப்படி ஒரு எண் எழுதிப் பெருக்கிப் பாருங்கள். அப்படியும் தொகை ஒத்துவராவிட்டால் இரண்டு விஷயம் கேளுங்கள்: விலகிய குதிரையின் விலை என்ன, அது எத்தனை மணிக்கு விலகியது. அது விலகி, விலைகள் திருத்தப்பட்ட பிறகுதான் நீங்கள் கட்டினீர்கள் என்றால் அந்த வெட்டு உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. ரேஸ் தொடங்கும் நேர விலைக்குக் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் வராது, கடைசி நிமிடத்தில் விலகி புது விலை போட நேரம் இல்லாமல் போனால் மட்டும் வரும். கவுண்டரில் யாராவது துண்டோடு சத்தம் போட்டு வந்தால் நாங்களும் முதலில் பார்ப்பது துண்டில் அச்சான அந்த நேரத்தைத்தான்.