சுவருக்குள் நகரும் அலை: தணிவுக் காரணி, காலப் பின்னடைவு – கேள்வி பதில்

சுழற்சி வெப்பப் பாய்வு பற்றிய விரிவுரைக் குறிப்புக்கு வந்த கடிதங்களைப் படித்து முடித்தேன். பாதிக்கும் மேற்பட்டவை ஒரே குழப்பத்தைத்தான் வெவ்வேறு எண்களில் எழுதியிருக்கின்றன. அதற்கு மூன்றாவது பதிலில் வருகிறேன். வெளியே நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்ப அலை சுவரைக் கடக்கும்போது எந்த அளவுக்குச் சுருங்குகிறது என்பதைச் சொல்வது தணிவுக் காரணி f, எத்தனை மணி தாமதமாக உள்ளே வருகிறது என்பதைச் சொல்வது காலப் பின்னடைவு φ.

கே: தணிவுக் காரணி 0.46 என்றால், மீதி 54 சதவீத வெப்பத்தைச் சுவர் தடுத்துவிடுகிறது என்று பொருளா?

இல்லை. தணிவுக் காரணி ஏற்ற இறக்கத்தை மட்டுமே தொடும், சராசரியைத் தொடாது. 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் உள்ளே வரும் வெப்பத்தை நிர்ணயிப்பது யு மதிப்புதான், அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே பாயும் வாட். சுவர் வெப்பத்தைச் சில மணி நேரம் வைத்திருந்து பிறகு கொடுத்துவிடும், விழுங்கிவிடாது.

கே: உங்கள் சூத்திரத்தில் போட்டால் 23 செ.மீ. செங்கல் சுவருக்கு f கிட்டத்தட்ட பூஜ்யமாக வருகிறது. சூத்திரம் தவறா?

e-ஐ −x√(π/αP) அடுக்குக்கு உயர்த்தும் அந்தச் சூத்திரம் சரி. x சுவரின் தடிமன், P அலையின் காலம்; P-க்கு 24 என்று போட்டிருக்கிறீர்கள். வெப்பப் பரவல் திறன் α நொடிக்கணக்கில் இருக்கும்போது காலமும் நொடியில்தான் இருக்க வேண்டும், அதாவது 86,400. உங்கள் விடையில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐம்பது பூஜ்யங்கள் வருகின்றன. அதைப் பார்த்த பிறகும் பேனாவைக் கீழே வைக்காமல் அடுத்த வரிக்குப் போனதுதான் எனக்குப் புரியவில்லை. நொடியா, மணியா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அதே செங்கல் சுவருக்குச் சூத்திரம் 0.14 தருகிறது, அட்டவணை 0.5-ஐ ஒட்டிச் சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒரே பெயரில் இரண்டு அளவுகளை நடமாடவிட்டதுதான் இந்தத் துறையின் பழைய பாவம்.

முதலில் 0.14. α = 5×10⁻⁷ ச.மீ./நொடி என்று வைத்தால் x√(π/αP) ஏறக்குறைய 1.96; e-ஐ அதன் எதிர்ம அடுக்குக்கு உயர்த்தினால் 0.14. பின்னடைவு 7.5 மணி. ஆனால் இது முடிவே இல்லாத தடிமனுள்ள செங்கல் திண்டில், 23 செ.மீ. ஆழத்தில் வெப்பநிலை அலை எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கான கணக்கு. அங்கே உட்பக்கம் கிடையாது, அறை கிடையாது, காற்றுப் படலமும் கிடையாது.

குளிரூட்டும் சுமைக் கணக்கில் வரும் f வேறு. சுவருக்கு வெப்பத்தைச் சேமிக்கும் திறனே இல்லையென்றால் அறைக்குள் பாயும் வெப்பம் எவ்வளவு ஊசலாடும்? உண்மையில் எவ்வளவு ஊசலாடுகிறது? இந்த இரண்டின் விகிதம்தான் அது. ஐஎஸ்ஓ 13786 தரநிலை தரும் அணிக் கணக்கை, கடத்துமை 0.8, உட்புற மேற்பரப்புத் தடை 0.13, வெளிப்புறத் தடை 0.04 என்று வைத்துப் போட்டால் f = 0.46, பின்னடைவு 7 மணி, யு மதிப்பு 2.2 என்று வரும்.

இப்போது ஒரு மேற்குச் சுவரை எடுத்துக்கொள்வோம். பரப்பு 15 ச.மீ. அறை வெப்பநிலை Ti 26 டிகிரியில் நிலையாக இருக்கிறது. வெயிலையும் வெளிக்காற்றையும் சேர்த்த சோல்-ஏர் வெப்பநிலை T-இன் நாள் சராசரி Tm 36. உச்சம் மாலை 4 மணிக்கு 56. காலை 9 மணிக்கு 32.

```
q(t) = U × [ (Tm − Ti) + f × (T(t−φ) − Tm) ]
```

சராசரிப் பாய்வு 2.2 × 10 = 22 வாட் (ஒரு சதுர மீட்டருக்கு). மாலை 4 மணி உச்சம் உள்ளே வந்து சேர்வது இரவு 11 மணிக்கு: 2.2 × (10 + 0.46 × 20) = 42 வாட். முழுச் சுவருக்கு 630 வாட். மாலை 4 மணிக்கோ, காலை 9 மணியின் வெளி நிலைதான் உள்ளே வந்துகொண்டிருக்கிறது: 2.2 × (10 − 0.46 × 4) = 18 வாட், முழுச் சுவருக்கு 270. வெளிப்பக்கத்தில் கையை வைக்க முடியாத அந்த நேரத்தில் சுவர் தன் சராசரியைவிடக் குறைவாகத்தான் உள்ளே கொடுக்கிறது. சேமிப்பை மறந்துவிட்டு 2.2 × 30 × 15 என்று பெருக்கினால் மாலை 4 மணிக்கு 990 வாட் என்று வரும். அளவும் தவறு, நேரமும் தவறு.

இதே சூத்திரத்தில் 0.14-ஐப் போட்டுப் பாருங்கள். இரவு 11 மணிக்கு 28 வாட், சுவருக்கு 420. மூன்றில் ஒரு பங்கு சுமை காகிதத்திலேயே காணாமல் போய்விட்டது. இப்படி ஒரு வரைவு என் மேசைக்கே வந்தது. திருத்தி அனுப்பினேன், அடுத்த வரைவிலும் அதே 0.14, அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு வேறு!

அந்த 0.14 இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் எடுத்துக்காட்டில் பாய்வின் ஊசல் 20 வாட். அதை உட்புறத் தடை 0.13-ஆல் பெருக்கினால் உட்சுவரின் வெப்பநிலை 2.6 டிகிரி ஏறி இறங்கும். வெளியே 20 டிகிரி, உள்ளே 2.6, விகிதம் 0.13. ஆக, வெப்பநிலைகளின் விகிதத்தைக் கேட்டால் 0.14-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம். இந்தச் சுவரில் அப்படி அமைந்தது தற்செயல். சரிபார்க்கிறேன் என்று உட்சுவர் வெப்பநிலையை அளப்பவருக்கு 0.14 சரி என்றே தோன்றும். அதை எடுத்துக்கொண்டு பாய்வுச் சூத்திரத்துக்குள் நுழைவார். f எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'பாய்வு' அல்லது 'வெப்பநிலை' என்று எழுதுங்கள். சலிக்கும் வரை சொல்வேன்.

கே: மேற்குச் சுவரின் சோல்-ஏர் வெப்பநிலை சைன் அலை போல இல்லையே?

நல்ல கேள்வி. அது கூரான முகடு, இரவெல்லாம் தட்டை. 24 மணி அலையோடு 12 மணி, 8 மணி அலைகளும் அதில் கலந்திருக்கின்றன. குறுகிய அலைகளைச் சுவர் இன்னும் கடுமையாகத் தணிக்கும், பின்னடைவும் குறையும். ஆகவே உண்மையான உச்சம் 42 வாட்டுக்குக் கீழேயும், 11 மணிக்குச் சற்று முன்னதாகவும் வரும். துல்லியம் வேண்டுமானால் ஒவ்வொரு அலைக்கும் தனி f, தனி φ போட்டுக் கூட்டுங்கள்.

கே: 5 செ.மீ. வெப்பக் காப்பை உள்ளே ஒட்டினாலும் வெளியே ஒட்டினாலும் யு மதிப்பு ஒன்றுதானே?

ஒன்றுதான், ஏறக்குறைய 0.59. ஆனால் அதே செங்கல் சுவரில் வெளியே ஒட்டினால் f 0.17, பின்னடைவு 9 மணி. உள்ளே ஒட்டினால் 0.25, 8 மணி. அதைவிடப் பெரிய வேறுபாடு, உள்ளே ஒட்டினால் அறையில் உண்டாகும் வெப்பத்தைச் செங்கல் வாங்கிக்கொள்ள வழியில்லாமல் போகும். அது f-இல் தெரியாது.

கே: தகரச் சுவருக்கு?

f = 1, பின்னடைவு 0. கணக்குப் போட வேண்டாம்.

கே: சுவரை 46 செ.மீ. ஆக்கினால் பின்னடைவு இரட்டிப்பாகுமா?

ஏறக்குறைய ஆகும்: 14.5 மணி. ஆனால் f 0.1-க்கு இறங்கிவிடும். வந்து சேரும் நேரம் தெரிந்தாலும், வந்து சேர்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

கே: பின்னடைவு கூடக் கூட நல்லதுதானே?

யாருக்கு? மாலை 6 மணிக்குப் பூட்டிவிடும் அலுவலகத்துக்கு, இரவு 11 மணிக்கு வந்து சேரும் மேற்குச் சுவர் வெப்பம் தொல்லையில்லை. அதே சுவர் படுக்கையறையில் இருந்தால் படுக்கும் நேரம் பார்த்துத்தான் வந்து நிற்கும். கிழக்குச் சுவரில் காலை 9 மணி உச்சம் 7 மணி நேரம் கழித்து மாலை 4 மணிக்கு, சன்னல் வழியாக வரும் வெப்பத்தோடு கைகோத்துக்கொண்டு வரும். எந்தத் திசைச் சுவர், எந்த நேரத்தில் ஆள் இருக்கும் அறை என்று எழுதாமல் φ நல்லதா என்று கேட்பவர்களுக்கு இனிப் பதில் எழுதுவதாக இல்லை.