உருண்டையான வேஸ், கப்பில் விழும் செங்குத்துக் கோட்டை மறைப்பது எப்படி?

கேள்வி: பூ வேஸ், பேனா கப் மாதிரி உருண்டையான பொருள்களை 3டி பிரிண்ட் செய்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுகிறது. ஸ்லைசரின் Seam position-இல் Random போட்டுப் பார்த்தேன், கோடு போய் உடம்பெல்லாம் பரு வந்த மாதிரி ஆகிவிட்டது. வேறு என்ன வழி?

பதில்:

முதலில் Random-ஐ எடுத்துவிடுங்கள். தழும்பு ஒரே இடத்தில் இருந்தால் அதை எங்கே வைப்பது என்று நாம் தீர்மானிக்கலாம். உடம்பு முழுக்கச் சிதறிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூட முடியாது.

ஒவ்வொரு லேயரிலும் நாசில் வெளிச்சுவரை ஒரு வட்டமாகப் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. நின்றாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் சட்டென்று குறையாது. கொஞ்சம் பிளாஸ்டிக் கூடுதலாகவோ குறைவாகவோ அந்த இடத்தில் விழும். 160 மி.மீ. உயர வேஸை 0.2 மி.மீ. லேயரில் போட்டால் 800 லேயர், அதாவது 800 தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். அதுதான் நீங்கள் பார்க்கிற கோடு, சீம் என்பதும் இதைத்தான். சதுரப் பெட்டி என்றால் ஸ்லைசர் இதை ஒரு மூலையில் ஒளித்துவிடும். வட்டத்துக்கு மூலையே கிடையாது.

கொலுப்படியில் வைக்கிற பொருள் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். Seam position-இல் Back கொடுத்து, கோடு இருக்கும் பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. நான்கு பக்கமும் தெரிகிற பொருளில்தான் சிக்கல்.

தி.நகரில் ஒரு துணிக்கடைக்காரர் பில் போடும் மேசைக்கு ஒரு வேஸ் கேட்டார். 90 மி.மீ. விட்டம், 160 மி.மீ. உயரம், நேரான உருளை. மேசைக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள், அந்தப் பக்கம் கடைக்காரர்கள். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

வெறும் அலங்காரத்துக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு Spiral vase போட்டிருப்பேன். குராவில் அதன் பெயர் Spiralize Outer Contour. அதில் நாசில் நிற்காமல், சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். வட்டம் எங்கும் முடிவதில்லை, அதனால் தழும்பும் இல்லை. அடித்தட்டு போடும் முதல் சில லேயர்களில் மட்டும் சின்ன அடையாளம் இருக்கும். ஆனால் சுவர் ஒற்றைச் சுவர்தான். 0.4 நாசிலில் கோட்டின் அகலத்தை 0.6 மி.மீ. ஆக்கினால் கொஞ்சம் உறுதி கூடும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரோ நிஜப் பூ, தண்ணீர் ஊற்றி வைப்போம், பிள்ளைகள் இடிப்பார்கள் என்றார். ஒற்றைச் சுவரை நம்பி அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் 2 மி.மீ. தடிமன் சுவர் வைத்து, மூலை இல்லாத வட்டத்துக்கு நானே மூலை செய்து கொடுத்தேன். வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக மெல்லிய V வடிவப் பள்ளம் ஒன்றை வெட்டினால், ஸ்லைசருக்கு அது உள்மூலையாகத் தெரியும். தழும்பு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு பள்ளம் என்றால் அதுவே விரிசல் மாதிரி கண்ணை உறுத்தும். ஆகவே சுற்றிலும் சம இடைவெளியில் 24 பள்ளங்கள். பார்ப்பவருக்கு அது டிசைன், எதற்குள் சீம் இருக்கிறது என்று தேடினாலும் லேசில் கிடைக்காது. நிரல் எழுதி வடிவம் செய்யும் ஓபன்எஸ்கேட் மென்பொருளில் இவ்வளவுதான்:

```
$fn = 240;
difference() {
  cylinder(d = 90, h = 160);
  translate([0, 0, 2]) cylinder(d = 86, h = 160);
  for (i = [0:23])
    rotate(i * 15) translate([45, 0, 80])
      rotate(45) cube([0.8, 0.8, 170], center = true);
}
```

பள்ளம் சுமார் 0.57 மி.மீ. ஆழம், 1.1 மி.மீ. அகலம் வரும். இதைவிடச் சிறிதாக வைத்தால் 0.4 நாசில் அதை மழுக்கிவிடும், சீம் திரும்பவும் மேற்பரப்புக்கு வந்துவிடும். `$fn` மதிப்பைக் குறைக்காதீர்கள். வட்டம் பட்டை பட்டையாக வந்தால் ஒவ்வொரு பட்டை முனையையும் ஸ்லைசர் மூலையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அப்புறம் கோடு அங்குமிங்கும் தாவும். கடைசியாக Seam position-இல் Aligned வைத்து, சீம் பெயிண்ட் கருவியால் ஏதாவது ஒரு பள்ளத்தில் அடிமுதல் நுனிவரை பூசிவிடுங்கள். பிரிண்ட் போடும் முன் பிரிவியூவில் சீம் புள்ளிகளை மட்டும் காட்டச் சொல்லி, எல்லாம் அதே பள்ளத்தில் வரிசையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

பள்ளம் வேண்டாம், மேற்பரப்பு வழவழப்பாகத்தான் வேண்டும் என்றால் ஆர்கா ஸ்லைசரில் Scarf joint seam இருக்கிறது. வட்டம் தொடங்கும்போது லேயரின் உயரத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, முடியும்போது அந்தச் சரிவின் மேலேயே பிளாஸ்டிக்கைக் குறைத்துக்கொண்டு வந்து முடிக்கும். தச்சர் இரண்டு மரத்துண்டைச் சாய்வாகச் சீவி ஒட்டுகிற மாதிரி. Contour தேர்ந்தெடுத்து, Scarf length 20 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். ஆனால் பிளாஸ்டிக் வரத்து சரியாக அமையாத பிரிண்டரில் மெல்லிய கோட்டுக்குப் பதில் 20 மி.மீ. அகலத்துக்கு மங்கலான பட்டை வரும். சில்க் ஃபிலமெண்டில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும், வேகம் மாறும் இடத்தில் பளபளப்பும் மாறிவிடுவதால். வழவழப்பான பாத்திரத்துக்கு நான் மேட் ஃபிலமெண்டைத்தான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் தழும்பின் அளவைக் குறைக்காமல் மறைக்கப் பார்ப்பதில் பயன் குறைவு. இப்போது உங்களிடம் இருக்கும் பொருளில் கோட்டின் குறுக்கே நகத்தால் வருடிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் வட்டத்தின் முடிவில் பிளாஸ்டிக் அதிகம். Pressure advance-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள், நேரடி எக்ஸ்ட்ரூடரில் பி.எல்.ஏ.வுக்குப் பெரும்பாலும் 0.02 முதல் 0.05 வரை இருக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் Seam gap-ஐ 10%-இலிருந்து 15% ஆக்கிப் பாருங்கள். பள்ளமாக இருந்தால் இந்த இரண்டையும் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், 20 மி.மீ. உயர உருளை போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேடும் பள்ளமும் மாறி மாறி, ஒழுங்கில்லாமல் வந்தால் செட்டிங்கைத் தொடாதீர்கள். ஃபிலமெண்டில் ஈரம் ஏறியிருக்கலாம். நம் ஊர்க் காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், ஸ்பூலைத் திறந்து வைத்தால் இது சகஜம். நாசிலில் சின்னச் சின்னப் படபட சத்தம் கேட்கும், நிற்கும்போது தானாக ஒழுகும். பி.எல்.ஏ.வை 50 டிகிரியில் ஆறு மணி நேரமாவது உலர்த்திவிட்டு அப்புறம் சீமைப் பாருங்கள்.

கைப்பிடி உள்ள கப்புக்கு Spiral vase ஒத்துவராது, கைப்பிடி வரும் உயரத்தில் ஒரே லேயரில் இரண்டு தனித்தனி வளையங்கள் வந்துவிடும். அங்கே கைப்பிடியே நல்ல மறைவிடம். அதன் உள்பக்கம், விரல் நுழையும் இடத்துக்கு நேராகக் கப்பின் சுவரில் சீமைப் பூசி, அதே கோட்டை மேல்விளிம்பு வரையும் அடி வரையும் நீட்டிவிடுங்கள். கைப்பிடிக்கு மேலேயும் கீழேயும் மிஞ்சுகிற சின்னத் துண்டுகளை 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும். அந்தக் கப்பில் பேனா வையுங்கள், சூடான காபி வேண்டாம். பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும்.