ஒரே தரவில் மூன்று பேப்பர்: எடிட்டர்கள் ஏன் சும்மா விடுவதில்லை?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில் எடுத்த தண்ணீர், சேறு, மீன் மாதிரிகளை வைத்து மூணு பேப்பர் போடலாமா? ஒரே பேப்பரை ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பி, முதலில் எடுத்துக்கொள்கிறவர்களிடம் போட்டால் என்ன தப்பு?

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுரையை அனுப்பும்போதே ‘இது வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை’ என்று உறுதி கொடுக்கிறீர்கள். இன்னொரு ஜர்னலுக்கு அனுப்பிய நிமிடமே அது பொய்யாகிவிடுகிறது. சம்பளம் வாங்காமல் ரெவ்யூ செய்கிறவர்களின் நேரமும் போச்சு. இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டால், இருவருக்கும் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய சேதம், இரண்டும் அச்சாகிவிட்டால் வருவது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்தியைத் தடுக்க ஒண்டான்செட்ரான் என்ற மருந்து கொடுப்பார்கள். அதைப் பற்றிய சோதனைகளை எல்லாம் திரட்டி, மார்ட்டின் டிராமரும் சக ஆய்வாளர்களும் 1997-இல் பி.எம்.ஜே. இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நரம்பு வழியாக 4 மில்லிகிராம் கொடுத்த சோதனைகள் உண்மையில் 19. அதில் மூன்று சோதனைகளின் நோயாளிகளே, மூலத்தைச் சுட்டாமல், இன்னும் ஆறு கட்டுரைகளில் வந்திருந்தார்கள். உண்மையான 19-ஐ மட்டும் எடுத்தால், ஒருவரின் வாந்தியைத் தடுக்க சுமார் 6.4 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். நகல்களையும் சேர்த்து 25 என்று எண்ணினால் 4.9 பேர் போதும் என்று வருகிறது. மருந்தின் பலன் 23 சதவீதம் ஊதிக் காட்டப்பட்டது. நகலானவை பலன் அதிகம் காட்டிய சோதனைகள் என்பதுதான் கூத்து. தொகுத்துக் கணக்குப் போடுகிறவர், ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம் என்று அறியவே மாட்டார்.

இப்போது உங்கள் கழிமுகத்துக்கு வருவோம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பாடம் எடுக்கிறேன், அவ்வப்போது ரெவ்யூவும் செய்வேன். நீங்கள் சொன்ன வடிவம் எனக்குப் புதிதில்லை. ஒரு பேப்பரில் தண்ணீரில் ஈயம், காட்மியம், அடுத்ததில் சேறு, மூன்றாவதில் மடவை மீன். மடவை அடிச்சேற்றில் மேய்கிற மீன். சேற்றில் இவ்வளவு, தண்ணீரில் இவ்வளவு, மீனின் தசையில் இவ்வளவு என்று ஒரே இடத்து எண்களைப் பக்கத்தில் வைத்தால்தான், உலோகம் எந்த வழியாக மீனுக்குள் போகிறது என்று கேட்கவே முடியும். மூன்றாக அறுத்தால் அந்தக் கேள்வியே காணாமல் போகிறது. மிஞ்சுவது மூன்று அட்டவணைகள். காசிமேட்டில் மீன் வாங்குகிறவருக்கு அதில் எதுவும் பயன்படாது.

புள்ளியியலிலும் ஓர் ஓட்டை விழும். பத்து இடம், ஐந்து உலோகம், மூன்று ஊடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஒப்பீடுகள் செய்திருப்பீர்கள். 5 சதவீத அளவுகோலில் சில, தற்செயலாகவே ‘முக்கியமான வேறுபாடு’ என்று வந்துவிடும். எல்லாம் ஒரே கட்டுரையில் இருந்தால் ‘எத்தனை சோதனை செய்தீர்கள், அதற்குத் திருத்தம் போட்டீர்களா’ என்று ரெவ்யூவர் கேட்பார். துண்டு போட்டால் அந்த மொத்த எண்ணிக்கை யார் கண்ணிலும் படாது.

மாட்டமாட்டோம் என்று நினைக்க வேண்டாம். வாக்கிய ஒற்றுமையை மென்பொருள் பிடித்துவிடும். வார்த்தையை மாற்றி எழுதினாலும் வரைபடம் காட்டிக்கொடுக்கும்: கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அதே புள்ளிகள், மாதிரி எடுத்த அதே தேதி, அதே கருவி. எண்ணூரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. இரண்டு ஜர்னலும் ஒரே ஆளிடம் ரெவ்யூவுக்கு அனுப்புவது சகஜம்.

பிறகு நடப்பதற்கு, கோப் எனப்படும் பதிப்பு நெறிமுறைக் குழு வகுத்த வழிமுறை இருக்கிறது. எடிட்டர் முதலில் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் கட்டுரை நிராகரிப்பு, தேவைப்பட்டால் உங்கள் கல்லூரிக்கும் கடிதம். ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அறிவிப்போ, கட்டுரையைத் திரும்பப் பெறுவதோ. தெரியாமல் நடந்த சின்ன விஷயத்தையும் திட்டமிட்டு மறைத்ததையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

அதற்காக ஒரு தரவுக்கு ஒரே பேப்பர்தான் என்று சட்டம் இல்லை. அதே சேற்று மாதிரிகளில் நுண்ணுயிர்களைப் படித்தால் கேள்வியும் வேறு, முறையும் வேறு. தாராளமாகத் தனியாக எழுதலாம். முதல் கட்டுரையைச் சுட்டுங்கள், முறைப் பகுதியில் ‘இதே மாதிரிகள்’ என்று எழுதுங்கள், அனுப்பும் கடிதத்தோடு அதன் பிரதியையும் இணையுங்கள். உங்கள் ஆய்வேட்டில் இருப்பதையோ மாநாட்டுச் சுருக்கத்தையோ பொதுவாக யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, சொல்லிவிட்டால் போதும். ஜர்னல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்றால் எடிட்டருக்கு எழுதி வாபஸ் வாங்குங்கள். ‘விலக்கிக்கொண்டோம்’ என்ற பதில் மெயில் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த ஜர்னலின் தளத்தைத் திறக்க வேண்டும்.