"தண்ணிப் பாரம் கூட": இதற்கு எத்தனை புள்ளி?

வணக்கம் சேர்,

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பத்தாம் தரத் தவணைப் பரீட்சையில் குளக்கட்டின் குறுக்குவெட்டுப் படத்தைப் போட்டு, "கட்டின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகலமாக இருப்பது ஏன் என விளக்குக" என்று 3 புள்ளிக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுதியதை அப்படியே தருகிறேன்: "குளத்திண்ட அடியில தண்ணிப் பாரம் கூட மேல குறைய. ஆளம் கூடக்கூட அது கட்ட கூடத் தள்ளும் அதால அடி மொத்தமா இருந்தாத்தான் கட்டு உடையாது." பக்கத்தில் கட்டை நோக்கி அம்புக்குறிகளும் கீறியிருக்கிறான், மேலே சின்னது, கீழே போகப்போக நீளம். அமுக்கம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அவனுக்கு விளங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் 2 போட்டேன். எங்கள் பகுதித் தலைவர் 1தான் போடலாம் என்கிறார். "ஓ.எல்.லில் இப்படி எழுதினால் ஆர் புள்ளி போடுவான்?" என்று கேட்கிறார். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

ஓர் ஆசிரியை

*

வணக்கம் ரீச்சர்,

நான் என்றால் 3 போட்டிருப்பேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. அவனுக்கு விளங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும் என்பது விடைத்தாளுக்கு வெளியே உள்ள சங்கதி. வகுப்பில் அவன் கேட்ட கேள்வியும் செய்த செய்முறையும் உங்கள் நினைவில் இருக்கும். வெளியிலிருந்து வந்து திருத்துகிறவருக்கு அந்த நினைவு கிடையாது. பிடித்த பிள்ளையின் அரைகுறை வசனத்தை நாமே நிரப்பி வாசித்துவிட்டு, சும்மா இருக்கிற பிள்ளையின் அதே வசனத்தை வெட்டிவிடுகிற ஆபத்தும் இதில் இருக்கிறது. ஆகவே தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

இந்தக் கேள்விக்குப் புள்ளித் திட்டம் எழுதினால் மூன்று படி வரும். ஆழம் கூட நீரின் அமுக்கம் கூடும் என்பது ஒன்று. அதனால் கட்டின் அடிப்பகுதியில்தான் நீர் மிகப் பலமாகத் தள்ளுகிறது என்பது அடுத்தது. அதைத் தாங்குவதற்கு அடி அகலமாக இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. இப்போது பெடியன் எழுதியதை வையுங்கள். கடைசிப் படி "அடி மொத்தமா இருந்தாத்தான் கட்டு உடையாது" என்பதில் இருக்கிறது. அதில் சண்டை இல்லை. இரண்டாவது படியை வசனம் பாதி சொல்கிறது, அம்புக்குறிகள் மீதியைச் சொல்கின்றன. விளக்குக என்று கேட்ட இடத்தில் பிள்ளை தானாகக் கீறிய படமும் விடைதான். அம்புகள் நிலைக்குத்தாகக் கீழே போகாமல் கட்டை நோக்கிப் போகின்றன என்பதைக் கவனியுங்கள். திரவம் பக்கத்துக்கும் தள்ளும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாடநூல் வசனத்தைப் பாடமாக்கிய பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அம்பைத் தலைகீழாகப் போடுவார்கள்.

பிரச்சினை முதற்படியில், அந்தப் "பாரம்" என்ற சொல்லில். உங்கள் பகுதித் தலைவரின் சந்தேகம் வெறும் வீம்பு அல்ல. பாரம் என்று எழுதுகிற பிள்ளை இரண்டில் ஒன்றை நினைத்திருக்கலாம். ஒன்று, அந்த ஆழத்துக்கு மேலே நிற்கிற நீரின் பாரம். அது சரியான நினைப்பு. hρg என்ற சமன்பாடே அதிலிருந்துதான் வருகிறது. மற்றது, குளத்தில் இருக்கிற முழுத் தண்ணீரின் பாரமும் கட்டில் வந்து சாய்கிறது என்ற நினைப்பு. அது பிழை, இந்தப் பாடத்தில் மிகப் பரவலான பிழையும் அதுதான். எதை நினைத்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த வசனத்தைப் பாருங்கள். "ஆளம் கூடக்கூட" என்கிறான். தண்ணீர் கூட இருக்கிறபடியால் என்று எழுதவில்லை. தள்ளுவதை அவன் ஆழத்தோடு கட்டியிருக்கிறான், அளவோடு அல்ல. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முதற்படிப் புள்ளியையும் கொடுக்கிறேன். ழ போய் ள வந்தது எனக்குப் பொருட்டே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் விடைத்தாள் கட்டுக்குள் தேடினால் இப்படியும் ஒரு விடை இருக்கும்: "அணைக்கட்டின் அடிப்பாகத்தில் நீரின் அமுக்கம் உயர்வாகும். ஏனெனில் குளத்தினுள் அதிகளவு நீர் தேக்கிவைக்கப்பட்டுள்ளமையாகும். ஆகவே அடிப்பாகம் அகலமாக அமைக்கப்படுகின்றது." கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அமுக்கம் என்ற சொல்லும் இருக்கும். சிவப்புப் பேனை தன்பாட்டில் மூன்று சரி போட்டுவிடும். ஆனால் காரணம் பிழை. முதற்படிப் புள்ளி இந்தப் பிள்ளைக்குக் கிடையாது, 2 தான். உங்கள் பெடியனைவிட நல்ல தமிழ், ஒரு புள்ளி குறைய. அதைக் கொடுக்க மனம் கூசும், எனக்கும் கூசும். ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

சந்தேகம் என்றால் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு வாய்க்கேள்வி கேளுங்கள். புள்ளியை மாற்றுவதற்கு அல்ல, உங்கள் வாசிப்பு சரியா என்று பார்ப்பதற்கு. "இரணைமடுவில தண்ணிக்குள்ள 5 மீற்றர் ஆழத்தில ஒரு புள்ளி. எங்கட வளவுக் கிணத்தில தண்ணி மட்டத்தில இருந்து 5 மீற்றர் ஆழத்தில இன்னொரு புள்ளி. எங்க அமுக்கம் கூட?" நீரின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், g ஐ 10 என்று எடுத்தால் இரண்டு இடத்திலும் நீரால் வரும் அமுக்கம் 5 × 1000 × 10, அதாவது 50,000 பஸ்கால். குளம் எத்தனை ஏக்கர் பரந்து கிடந்தாலும் அந்த எண் மாறாது. ஆழத்தைப் பிடித்த பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டும் ஒண்டுதான்" என்பான். அளவைப் பிடித்த பிள்ளை யோசிக்காமலே "இரணைமடு" என்று சொல்லும்.

இன்னொரு சிக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கட்டில் ஆடு சாய்த்து, வான் பாயும்போது போய் வேடிக்கை பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்கிறீர்கள். ஒருத்தி "மண் கட்டு எண்டபடியா செங்குத்தாக் கட்டினா சரிஞ்சு விழும், அதால அடி அகலம்" என்று எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள்? அவள் சொல்வது உண்மை. மண் அணைக்கு இரண்டு பக்கமும் சரிவு வைப்பது மண் வழுக்காமல் இருக்கத்தான். அடி அகலமாக இருந்தால் கட்டுக்கு உள்ளால் ஊறிப்போகிற நீர் கூடத் தூரம் போகவேண்டும், அதனால் கசிவும் அடங்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளரைக் கேட்டால் அவரும் இதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் உங்கள் புள்ளித் திட்டத்தில் இதற்கு இடமில்லை, கேள்வியிலும் "நீரின் அமுக்கத்தைக் கொண்டு விளக்குக" என்று இல்லை. கேள்வியில் போடாத வேலியைத் தாண்டினாள் என்று பிள்ளையைத் தண்டிக்க முடியாது. அப்படி ஒரு விடை வந்திருந்தால் முழுப் புள்ளி கொடுத்துவிட்டு, அடுத்த முறை கேள்வியைத் திருத்துங்கள். கொங்கிறீட் அணை ஒன்றின் படத்தைப் போட்டால் இந்தத் தலையிடி பெரும்பாலும் குறைந்துவிடும்.

சரி, அமுக்கம் என்ற சொல் வேண்டாமா? வேண்டும். பகுதித் தலைவர் ஓ.எல். பற்றிச் சொல்வதில் அந்தளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லுக்கான புள்ளியையும் காரணத்துக்கான புள்ளியையும் ஒரே வசனத்துக்குள் கட்டிவைத்தால், ஒன்று இல்லாத பிள்ளை இரண்டையும் இழக்கிறது. கேள்வியை உடையுங்கள். முதலில், "நீர்நிலையில் ஆழத்துடன் அதிகரிக்கும் பௌதிகக் கணியம் எது?" என்று 1 புள்ளி. அங்கே அமுக்கம் என்று வந்தால் சரி, பாரம் என்று வந்தால் பூச்சியம், இரக்கம் தேவையில்லை. அப்புறம் விளக்கத்துக்கு 3. அதில் அவன் என்ன தமிழில் எழுதினாலும் அந்த மூன்று படியும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இப்படிச் செய்தால் அந்தப் பெடியன் நாலுக்கு மூன்று எடுப்பான், எந்த ஒரு புள்ளி ஏன் போனது என்பதும் அவனுக்கே தெரியும். இந்தத் தவணைத் தாளில் சொல்லுக்குத் தனிப் புள்ளி இல்லை. ஆகவே இப்போது அதற்காக வெட்டவும் முடியாது.

எல்லா இடத்திலும் நான் இப்படித் தாராளமாக இருக்கமாட்டேன். திணிவு கேட்ட இடத்தில் நிறை என்று எழுதி அலகையும் நியூற்றன் என்று போட்டால் அது மொழிப்பிழை அல்ல, வேறு கணியம். குளோரைட்டு என்று வரவேண்டிய இடத்தில் குளோரின் என்றால் அது வேறு பதார்த்தம். அங்கே எழுத்தே விஞ்ஞானம், வெட்டுங்கள். "ஆளம்" என்று எழுதியதை ஆழம் தவிர வேறெதுவாகவும் வாசிக்க முடியாது, அதை விட்டுவிடலாம்.

திருத்தும்போது ஒரு பிள்ளையின் முழுத்தாளையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எல்லாத் தாளிலும் இந்த ஒரு கேள்வியை மட்டும் திருத்திக்கொண்டு போங்கள். அப்போதுதான் முதற்பக்கத்துக் கையெழுத்து இந்தப் புள்ளியில் கை வைக்காது. தொடங்குமுன் ஒரு பத்துத் தாளை வாசித்து, பிள்ளைகள் என்னென்ன சொல் பாவிக்கிறார்கள் என்று புள்ளித் திட்டத்தின் ஓரத்தில் குறித்து, எது ஏற்கப்படும் எது ஏற்கப்படாது என்று பகுதித் தலைவரோடு இருந்து முடிவெடுங்கள். வன்னியில் ஒரே வகுப்பிலேயே "பாரம்" என்கிறவனும் இருப்பான், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை வேறு சொல்லும் வைத்திருக்கும். அதைத் தாளுக்குத் தாள் தனித்தனியாகத் தீர்மானித்தால் காலையில் ஒரு நீதி, பின்னேரம் ஒரு நீதியாகத்தான் முடியும்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் விடைக்குக் கீழே ஒரு வசனம் மட்டும் எழுதுங்கள்: "ஆழம் கூடும்போது நீரின் அமுக்கம் கூடும்." மீதி இரண்டு படியையும் இதே மாதிரி அவனையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் "அதிகரிக்கும்" என்று இருக்கலாம், "கூடும்" என்பதும் குறையில்லாத எழுத்துத் தமிழ்தான், அதை மாற்றப் போகவேண்டாம். "அது கட்ட கூடத் தள்ளும்" என்பதில் எது தள்ளுகிறது என்று மட்டும் கேளுங்கள். "அது" என்ற இடத்தில் "நீர்" என்று அவனே போட்டுவிட்டால் வசனம் தன்னால் நிமிர்ந்துவிடும். எழுத்துப்பிழைகளில் ஆழம் ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள், அது பாடத்தின் சொல். மற்றதெல்லாம் தமிழ் ரீச்சரின் பேனைக்கு இருக்கட்டும்.